மூன்று திரை நீளப் பொறுப்புத் துறப்பை ஐந்தாறு வரியாக்க முடியுமா?

*ஐயா, வணக்கம். நான் உணவியல் நிபுணர். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கான உணவுக் கட்டுரைகள் என் இணையதளத்தில் இருக்கின்றன. சாப்பிடும் உணவையும் அளவையும் தேர்ந்தெடுத்தால் அதில் எத்தனை கிராம் கார்போஹைட்ரேட் என்று காட்டும் கால்குலேட்டரும் இருக்கிறது. எங்கிருந்தோ கிடைத்த டெம்ப்ளேட்டை மொழிபெயர்த்துப் போட்ட பொறுப்புத் துறப்பு மூன்று திரை நீளம் ஓடுகிறது. அதற்குப் பதிலாக, "இத்தளத்தின் தகவல்களுக்கு நாங்கள் எவ்வகையிலும் பொறுப்பல்ல. மருத்துவரை அணுகவும்" என்று இரண்டே வரி எழுதினேன். வக்கீலான என் தம்பி, "ஒரு சொல்லை எடுத்தாலும் பாதுகாப்பு போய்விடும்" என்கிறான். முழு உரையையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?*

*— ஒரு வாசகி*

அன்புள்ள வாசகிக்கு,

சுருக்கலாம். ஆனால் இப்போது நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரி வேண்டாம். நீளமான உரையைவிட அது பலவீனமானது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நீளமான உரைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

அதில் ஏறக்குறைய பாதி பொறுப்புத் துறப்பே இல்லை. கட்டுரைகளின் பதிப்புரிமை, குக்கீகள், வழக்கு வந்தால் எந்த நீதிமன்றம், விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்ற அறிவிப்பு, எல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கின்றன. இவற்றை நீக்கச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். குக்கீ பற்றியது தனியுரிமைக் கொள்கைக்கும், மற்றவை பயன்பாட்டு விதிமுறைகளுக்கும் போகட்டும். ஒன்று மட்டும் இரண்டிலும் சேராது. சில சர்க்கரை அளவுக் கருவிகளைப் பரிந்துரைப்பதற்கு உங்களுக்குக் கமிஷன் வருகிறது என்று பதினான்காவது பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அது அந்தந்தப் பரிந்துரைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய வாக்கியம். கருவியை வாங்க முடிவு செய்கிறவர் அந்த இடத்தில்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறெங்கோ இருந்தால் மறைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மீதியைப் பார்த்தால் மூன்று வகை வாக்கியங்கள்தான். இந்தத் தகவல் என்ன, எது அல்ல என்று சொல்பவை. வாசகர் எதைச் செய்யக் கூடாது, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்பவை. நாங்கள் எதற்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று சொல்பவை. உங்கள் உரையில் மூன்றாவது வகை பக்கம் பக்கமாக இருக்கிறது. இரண்டாவது வகை ஒரே ஒரு வரி. தம்பி காப்பாற்றப் பார்ப்பது மூன்றாவதை. உங்களைக் காப்பாற்றக்கூடியவை முதல் இரண்டும். இது எப்படி என்பதற்கு இரண்டு பழைய வழக்குகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் இங்கிலாந்து வழக்குகள். ஆனால் அவற்றில் உள்ள தர்க்கம் பல நாட்டு நீதிமன்றங்களுக்குப் பழக்கமானதுதான்.

முதலாவது, அப்போது அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1963-இல் தீர்ப்பளித்த ஹெட்லி பைர்ன் வழக்கு. ஒரு விளம்பர நிறுவனம், தன் வாடிக்கையாளரான இன்னொரு நிறுவனத்தின் பண நிலைமை எப்படி என்று, தன் வங்கி மூலமாக அந்த நிறுவனத்தின் வங்கியிடம் கேட்டது. நிலைமை நன்றாக இருக்கிறது என்று அந்த வங்கி எழுதியது. அதை நம்பி ஒப்பந்தங்களைப் போட்ட விளம்பர நிறுவனம் 17,000 பவுண்டுக்கு மேல் இழந்தது. கவனமில்லாமல் சொன்ன தகவலை ஒருவர் நம்பி நஷ்டப்பட்டால், சொன்னவர் பொறுப்பாகலாம் என்று அந்த வழக்கில்தான் சபை முதன்முதலாகத் தெளிவாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் வங்கி தப்பித்தது. இது உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும், வங்கிக்கோ அதன் அலுவலர்களுக்கோ இதில் பொறுப்பு இல்லை என்று கடிதத்தின் தலைப்பிலேயே ஒரு வரி இருந்தது. ஒரே வரி. பொறுப்பை ஏற்கவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டவர் பொறுப்பை ஏற்றதாக எப்படிச் சொல்வது என்பதுதான் காரணம். அதாவது, வந்துவிட்ட பொறுப்பை அந்த வரி தள்ளவில்லை. பொறுப்பு உருவாகவே விடவில்லை.

இரண்டாவது, 1989-இல் அதே சபை தீர்ப்பளித்த ஸ்மித் எதிர் புஷ் வழக்கு. வீடு வாங்க ஒரு பெண் கடன் கேட்டார். கடன் கொடுக்கும் நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்துவிட்டு, பெரிய பழுது ஒன்றும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். மதிப்பீட்டுக் கட்டணம் அந்தப் பெண்ணுடையது. அறிக்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வாசகம் தெளிவாகவே இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, கீழே தாங்கல் இல்லாமல் நின்றிருந்த புகைபோக்கி இடிந்து கூரை வழியாக உள்ளே விழுந்தது. இந்த முறை துறப்பு செல்லவில்லை. அந்தப் பெண் இந்த அறிக்கையைத்தான் நம்பப் போகிறார், வேறு யாரையும் வைத்துப் பார்க்கப் போவதில்லை என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும். கட்டணமும் அவர் கொடுத்தது. அப்படிப்பட்ட இடத்தில் பொறுப்பே இல்லை என்று எழுதிக்கொள்வது நியாயமல்ல என்று சபை சொன்னது. இடையில் 1977-இல் வந்திருந்த ஒப்பந்த நியாயச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

இரண்டு துறப்புகளும் சின்னவைதான், இரண்டும் தெளிவானவைதான். ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. ஆகவே நீளத்தால் ஒன்றும் ஆவதில்லை. தகவல் எந்த அளவுக்கு ஒருவரை நம்ப வைக்கிறது, அவர் நம்புவதற்கு நீங்கள் எவ்வளவு இடம் கொடுத்தீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கிறது.

இதில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு விஷயம் இருக்கிறது. தளத்தின் வழியாகவே கட்டணம் வாங்கிக்கொண்டு தனி ஆலோசனையும் கொடுக்கிறீர்கள். அவர்களிடம் "இது ஆலோசனை அல்ல" என்று சொல்வது உண்மையில்லை. அந்தப் பெண்ணின் நிலையில்தான் அவர்கள் இருக்கிறார்கள். உங்கள் துறப்பு அவர்களுக்குப் பொருந்தாது என்று நீங்களே எழுதிவிடுவதுதான் நல்லது. அப்படி எழுதினால், இலவசப் பக்கங்களைப் பற்றி நீங்கள் சொல்வதும் நம்பும்படியாக இருக்கும்.

அடுத்து, இன்னும் முக்கியமானது. உங்கள் தளத்தால் ஒருவருக்குத் தீங்கு வருமென்றால் அது என்னவாக இருக்கும்? பெரும்பாலும் உடல் தீங்கு. கால்குலேட்டர் கார்போஹைட்ரேட்டைக் கூட்டிக் காட்டுகிறது, அதைப் பார்த்து ஒருவர் இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறார், ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குகிறது. வாகனம் ஓட்டும்போதோ தூக்கத்திலோ இது நடந்தால் விளைவு மோசமாகிவிடும். தன் கவனக்குறைவால் வந்த மரணத்துக்கும் உடல் காயத்துக்கும் உள்ள பொறுப்பை எந்த வாசகத்தாலும் விலக்க முடியாது என்று அதே 1977-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேறு பல நாடுகளிலும் இதே போக்கு உண்டு. ஆக, டெம்ப்ளேட்டில் இரண்டு பத்தி ஓடும் "நேரடி, மறைமுக, தற்செயலான, சிறப்பு, தண்டனை சார்ந்த, விளைவான இழப்புகள்" என்ற பட்டியல், உங்களுக்கு உண்மையில் வரக்கூடிய ஆபத்து வரும்போது வேலை செய்யாமல் போகலாம். அது வியாபார ஒப்பந்தங்களுக்காக எழுதப்பட்ட பட்டியல். லாப நஷ்டக் கணக்கு போடும் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் அதற்குப் பொருள் உண்டு.

வேலை செய்யக்கூடியது எச்சரிக்கைதான். "இந்த எண்ணை மட்டும் வைத்து இன்சுலினை மாற்றாதீர்கள்" என்று விடைக்குப் பக்கத்திலேயே நீங்கள் எழுதியிருந்தால், இரண்டு நன்மை. முதலில், தீங்கு நடக்காமல் போக வாய்ப்பு அதிகம். அப்படியே நடந்தாலும், நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று காட்டுவது கடினமாகிவிடும்.

இப்போது உங்கள் இரண்டு வரிக்கு வருகிறேன். "எவ்வகையிலும் பொறுப்பல்ல" என்பது அளவுக்கு மீறிக் கேட்கிறது. சட்டம் விலக்க விடாததையும் சேர்த்து விலக்கப் பார்க்கும் வாசகத்தை, அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் காப்பாற்றித் தரும் நீதிமன்றங்களும் உண்டு, முழுவதையும் தள்ளிவிடும் நீதிமன்றங்களும் உண்டு. எந்தப் பக்கம் விழும் என்று பந்தயம் கட்ட வேண்டியதில்லை. "மருத்துவரை அணுகவும்" என்பது எல்லாத் தளத்திலும் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. எப்போது, எதற்காக, எந்த முடிவுக்கு முன்பு என்று எதையும் அது சொல்லவில்லை. சுருக்கும்போது முதலில் காணாமல் போவது எப்போதும் இந்த மாதிரிக் குறிப்பான விஷயம்தான். நியாயமாகப் பார்த்தால் கடைசி வரை இருக்க வேண்டியது அதுவே.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> இந்தத் தளத்தில் இருப்பது சர்க்கரை நோய்க்கான உணவு பற்றிய பொதுத் தகவல். உங்கள் உடல்நிலையைப் பார்த்துச் சொன்ன ஆலோசனை அல்ல.
>
> கால்குலேட்டர் காட்டுவது உத்தேச அளவு. சமைக்கும் முறையையும் பரிமாறும் அளவையும் பொறுத்து உண்மை அளவு கூடலாம், குறையலாம். அதை மட்டும் வைத்து இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.
>
> சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு இந்த உணவுப் பட்டியல்கள் பொருந்தாமல் போகலாம்.
>
> இங்குள்ள பொதுத் தகவலை நம்பிச் செய்தவற்றால் வரும் இழப்புக்கு நாங்கள் பொறுப்பேற்பதில்லை. ஆனால் எங்கள் கவனக்குறைவால் வரும் மரணம், உடல் காயம், நாங்கள் செய்யும் மோசடி, சட்டம் விலக்க விடாத மற்றவை ஆகியவற்றுக்கான பொறுப்பை இது நீக்காது. கட்டணம் செலுத்திப் பெறும் தனி ஆலோசனைக்கும் இது பொருந்தாது.

டெம்ப்ளேட்டில் இருந்த "நல்லெண்ண அடிப்படையில் வெளியிடப்படும்" என்பது முதல் பத்தியில் போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் எண்ணம் நல்லது என்பதால் யாருடைய பொறுப்பும் கூடுவதோ குறைவதோ இல்லை. "துல்லியம், முழுமை, நம்பகத்தன்மை, பொருத்தம் ஆகியவற்றுக்கு வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ உத்தரவாதம் இல்லை" என்ற நீண்ட வாக்கியம், இரண்டாவது பத்தியில் "உத்தேச அளவு" என்பதாகவும் அடுத்த வாக்கியமாகவும் மாறியிருக்கிறது. துல்லியம் இல்லை என்று பொதுவாகச் சொல்வதைவிட, எங்கே, எதனால் பிசகும் என்று சொல்வது வலுவானது. வாசகருக்கு உண்மையில் எதைத் தெரிவித்தீர்கள் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், இதைக் காட்டலாம்.

மூன்றாவது பத்தி டெம்ப்ளேட்டில் கிடையவே கிடையாது. எந்த வகைத் தளத்துக்கும் பொருந்த எழுதியவருக்கு உங்கள் பட்டியல்கள் யாருக்கு ஆகாது என்று தெரியாது. சர்க்கரைக்கு நல்லது என்று நீங்கள் சேர்க்கும் பருப்பிலும் பழத்திலும் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். இது உங்கள் துறை, என்னைவிட உங்களுக்குத் தெரியும். இன்னும் யாராவது இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளை கட்டுரைகளில் விரதம் பற்றி எழுதினால், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

நான்காவது பத்திதான் தம்பிக்கு. "சட்டம் அனுமதிக்கும் முழு அளவுக்கு" என்று வக்கீல்கள் வழக்கமாகப் போடும் தொடரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதை எழுதியவருக்கே அளவு எதுவென்று சில சமயம் தெரியாது, வாசகருக்கு எப்படித் தெரியும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த நெறிமுறை, எழுதிக் கொடுக்கும் நிபந்தனைகள் எளிய, புரியும் மொழியில் இருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் நுகர்வோருக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும் என்கிறது. எது விலகாது என்று பெயர் சொல்லி எழுதிவிட்டால் அந்தத் தொந்தரவு குறைகிறது. தம்பி பிடிவாதம் பிடித்தால் அந்தத் தொடரைச் சேர்ப்பதால் குடிமுழுகிப் போகாது. ஆனால் விலகாதவற்றின் பட்டியலை எடுத்துவிட்டு அதை மட்டும் வைக்க வேண்டாம்.

இனி, இந்த வரிகளை எங்கே வைப்பது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு சுட்டியாக இருந்தால் சுருக்கியதன் பலன் பாதி போய்விடும். 2014-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிளுக்கு எதிரான வழக்கில், விதிமுறைகளுக்கான சுட்டி ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது என்பதால் மட்டும் வாங்கியவர் அதை ஒப்புக்கொண்டார் என்று ஆகாது என்று சொன்னது. சுட்டி வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தும் அது போதவில்லை. அங்கே விவகாரம் ஒப்பந்தம் ஏற்பட்டதா என்பது, உங்களுடையது எச்சரிக்கை. ஆனாலும் கண்ணில் படாத வாசகத்தைப் படித்ததாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது இரண்டுக்கும் பொதுதான். ஆகவே நான்கு பத்தியும் தனிப் பக்கமாக இருக்கட்டும். இரண்டாவது பத்தியை மட்டும் கால்குலேட்டரின் விடைக்கு நேர் கீழே, விடையின் எழுத்தளவிலேயே போடுங்கள். விடை திரையில் வரும்போது அதுவும் வர வேண்டும், தனியாகச் சொடுக்க வைக்கக் கூடாது. மூன்றாவது பத்தி ஒவ்வொரு உணவுப் பட்டியலின் தலைப்புக்குக் கீழே. எல்லாவற்றையும் பெரிய எழுத்திலோ தடித்த எழுத்திலோ போட்டால் எதுவும் தனித்துத் தெரியாது.

அப்புறம் ஒரு சிக்கல், இது துறப்பைத் திருத்துவதால் தீராது. "ஒரு வேளைக்கு எவ்வளவு இன்சுலின்?" என்ற தலைப்பில் உங்கள் கட்டுரை ஒன்று, பதினைந்து கிராம் கார்போஹைட்ரேட்டுக்கு ஒரு யூனிட் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கட்டுரை அதைச் சொல்லவில்லை. ஒரு பக்கம் "இப்படிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு இன்னொரு பக்கம் "இது ஆலோசனை அல்ல" என்று சொன்னால், இரண்டில் எதை நம்பினார் என்று கேட்கும்போது வாசகர் பக்கம்தான் நியாயம் இருக்கும். உங்கள் வாக்குக்கு நேர் எதிரான துறப்பு உங்களைக் காப்பாற்றாது. அந்தக் கட்டுரையில், "இந்த விகிதம் எடுத்துக்காட்டு மட்டுமே, உங்கள் விகிதத்தை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்" என்று கணக்கு தொடங்கும் இடத்திலேயே எழுதுங்கள். முகப்பில் உள்ள "நூறு சதவீதம் நம்பகமானது" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு நீங்கள் எழுதும் எந்தத் துறப்பும் வீண்தான். இதே காரணத்துக்காகத்தான் "ஒவ்வொரு மாதமும் சரிபார்க்கிறோம்" என்ற டெம்ப்ளேட் வாக்கியத்தையும் நீக்கினேன். செய்யாத வேலையைச் செய்வதாக எழுதினால் அது துறப்பாக இருக்காது, வாக்குறுதியாகிவிடும். பக்கத்துக்குப் பக்கம் கடைசியாகத் திருத்திய தேதி போட்டால் போதும்.

போடுவதற்கு முன்னால் உரையைச் சோதித்துப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ள, உங்கள் தளத்தைப் பார்த்திராத சிலரிடம் கால்குலேட்டரின் விடையைக் காட்டுங்கள். பிறகு திரையை மூடிவிட்டு, "இதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டலாமா?", "இந்த எண் தப்பாக இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். படித்தீர்களா, புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். முதல் கேள்விக்கு யாராவது "கூட்டலாம்" என்றால் வாசகத்தில் கோளாறு, அல்லது அது இருக்கும் இடத்தில் கோளாறு. பெரும்பாலும் இடம்தான்.

பழைய உரையை அழித்துவிட வேண்டாம். எந்தத் தேதி வரை எது தளத்தில் இருந்தது என்பதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் வையுங்கள். ஒருவர் இன்று பார்த்ததைப் பற்றி இரண்டு வருடம் கழித்து புகார் சொன்னால், அன்றைக்கு எந்த வாசகம் இருந்தது என்பதுதான் கேள்வியாக வரும்.

கடைசியாகத் தம்பியிடம் கேட்க வேண்டியது. முழு உரையையும் கொடுத்து "சரியா?" என்று கேட்டால் எடுத்ததையெல்லாம் திரும்பப் போட்டுக் கொடுப்பார், வக்கீல்களின் இயல்பு அப்படி. நான்காவது பத்தியை மட்டும் கொடுங்கள். உங்கள் வாசகர்கள் அதிகம் இருக்கும் இடத்தின் சட்டப்படி வேறு எந்தப் பொறுப்பை விலக்க முடியாது, உணவியல் நிபுணராக உங்கள் தொழில் பதிவு ஏதேனும் தனி வாசகத்தைக் கட்டாயமாக்குகிறதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னால், அது இல்லாவிட்டால் எந்த வழக்கில் என்ன நஷ்டம் வரும் என்று கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.